தாளின் கீழ்ப்பாதி

எலும்பு முறிவு வார்டில் எனக்குப் பெயர் கிரேன். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. இடுப்பெலும்பு உடைந்தவர்களையும் முழங்கால் மாற்றியவர்களையும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவதுதான் இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பு. ஊசி, மருந்து, குறிப்பு எழுதுவது எல்லாம் மற்ற நர்ஸ்களைப் போல நானும் செய்வேன். ஆனால் நோயாளியைத் தூக்க முடியாமல் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் விழித்துக்கொண்டு நின்றால், "கிரேனைக் கூப்பிடு" என்பார்கள். கேலிப் பெயர்தான். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

ஐம்பத்தொன்றாவது வயதில் மாதவிலக்கு நின்றது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே மார்பிலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறும். இரண்டு நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூட்டாமல் இரண்டு வருஷத்தில் ஆறு கிலோ ஏறியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கையிலோ காலிலோ ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாடகை இல்லாத வீடு கிடைத்த மாதிரி நேராக வயிற்றில் வந்து குடியேறியது. என் கணவர், "வார்டுல ஊரையே தூக்குறே, இனிமே உன்னைத் தூக்க ஒரு ஆள் வைக்கணும் போல" என்றார். அன்றைக்குச் சிரித்துவைத்தேன்.

எங்கள் மருத்துவமனையின் ஒரே டயட்டீஷியன் என் நாத்தனார், அவருடைய தங்கை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடையைக் கிலோக் கணக்கில் சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்குத் தராசு என்று பெயர். இங்கே இடம் காலி என்று அவளுக்குச் சொன்னதும், விண்ணப்பத்தை உட்காரவைத்து எழுதவைத்ததும் நான்தான். அந்த வருஷம் ஊழியர்களுக்காக எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றை அவள் தொடங்கினாள். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொண்டாள். "அண்ணி, நீங்க ஒருத்தங்க இளைச்சுக் காட்டினாப் போதும், மொத்த ஆஸ்பத்திரியும் என் பின்னாடி வந்துடும்" என்றாள்.

அவள் கொடுத்த பட்டியல் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி. காலையில் பழமும் சர்க்கரை இல்லாத டீயும். மதியம் ஒரு கிண்ணம் சோறு, மூன்று பங்கு காய். இரவு சூப், மறுபடியும் காய். வாரத்துக்கு இரண்டு முட்டை. தினமும் முக்கால் மணி நேரம் நடை. பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற உடம்புக்கு இது போதுமா என்று ஒரு தரம் கேட்டேன். மாதவிலக்கு நின்றுவிட்டால் உடம்புக்குத் தேவை குறைந்துவிடும் என்றாள். படித்தவள் சொல்கிறாள், அதுவும் வீட்டுப் பிள்ளை. வாயை மூடிக்கொண்டு காயைத் தின்றேன்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை அவள் அறையிலிருக்கும் எந்திரத்தில் வெறுங்காலோடு ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தாள் அச்சாகி வரும். அவள் அதைக் கத்தரித்து மேல்பாதியை எனக்குக் கொடுப்பாள். அதில் என் எடையும் முந்தைய எடையும் இருக்கும். கீழ்ப்பாதி கோப்புக்கு என்பாள். ஆறு மாதத்தில் அறுபத்தெட்டிலிருந்து அறுபதுக்கு வந்தேன். மூன்றாம் மாதமே கேன்டீன் வாசலில் என் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். சாப்பிட வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த மேல்பாதிகளை நான் பரிசுச் சீட்டு மாதிரி கைப்பையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவ்வளவு முட்டாள்தனம்.

பாட்டில் மூடி திறக்கச் சிரமமாக இருந்தபோது, மூடியைத்தான் திட்டினேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபோது வயசு என்றேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது என் அடி மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான்காம் கட்டிலில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். இடுப்பில் அறுவை முடிந்து மூன்றாம் நாள், ஐம்பத்தைந்து கிலோ கூட இருக்க மாட்டார். பிடித்து எழுப்புவதற்கான பட்டையை இடுப்பைச் சுற்றிக் கட்டி, பாதங்களைத் தரையில் பதிய வைத்து, முழங்காலை என் முழங்காலால் அணை கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி எழுப்பினேன். பாதியில் என் தொடை நடுங்கியது. விரல்கள் பட்டையை விட்டன. நான் விடவில்லை, அவையாக விட்டன. டீச்சர் கட்டிலின் விளிம்பில் சரிந்து தரையை நோக்கி வழுக்கினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த நர்ஸ் பாய்ந்து வந்து அணைத்துக்கொண்டாள். அடி எதுவும் படவில்லை. டீச்சர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

மேட்ரன் சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது. சம்பவப் படிவத்தை நிரப்பிவிட்டு, பிசியோதெரபி அறைக்குப் போய் பலம் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். சோதனையில் தேறாவிட்டால், ஆளைத் தூக்க வேண்டாத வெளிநோயாளிப் பிரிவில் மூன்று மாதம் அவகாசம். அதற்குப் பிறகும் தேறாவிட்டால் பதிவேட்டு அறை. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளுக்கு எண் போட வேண்டும். ஜன்னல்கூடக் கிடையாது. இருபத்தாறு வருஷம் மனிதர்களை எழுப்பி நிறுத்தியவளை அட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தால் நான் அங்கேயே பட்டுப்போவேன் என்று எனக்குத் தெரியும்.

பிசியோ எங்கள் வார்டுக்குத் தினமும் வருகிற பெண்தான், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். பிடிமானம் அளக்கும் கருவியை என் கையில் கொடுத்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னாள். மூன்று தரம் அழுத்தினேன். அதிகபட்சம் பதினைந்து கிலோ. பெண்களுக்குப் பதினெட்டுக்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும் என்றாள். மூன்று வருஷத்துக்கு முன் ஊழியர் பரிசோதனையில் எனக்கு இருபத்தாறு இருந்திருக்கிறது. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தரம் எழுந்து உட்காரச் சொன்னாள். பதினான்கு விநாடி ஆனது. பன்னிரண்டுக்குள் முடித்திருக்க வேண்டுமாம். ஐந்தாவது தரம் எழுந்தபோது மூச்சு வாங்கியது.

"எடை குறைஞ்சப்போ எடுத்த ஷீட் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கைப்பையிலிருந்து என் பரிசுச் சீட்டுகளைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். கீழ்ப்பாதி எங்கே என்றாள். கோப்பில் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என்னிடம் ஒப்புதல் கேட்டுக்கொண்டு, எந்திரத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கணினியில் சேர்ந்திருந்த என் பழைய அளவுகளை முழுசாக அச்செடுத்து வந்தாள். கொழுப்பு இருபத்துநாலரைச் சொச்சத்திலிருந்து இருபதரைக்கு அருகில் வந்திருந்தது. தசை நாற்பத்தொரு கிலோவிலிருந்து முப்பத்தேழுக்கு. எட்டுக் கிலோவில் ஏறக்குறைய பாதி தசை.

இந்த எந்திரம் உடம்பிலுள்ள தண்ணீரையும் தசைக் கணக்கில் சேர்த்துவிடும், அதனால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஆனால் கையும் காலும் அதே கதையைத்தான் சொல்கின்றன என்றாள். பிறகு விளக்கினாள்.

"ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்குக்கு மட்டும் இல்லை சிஸ்டர். தசை தேய்ஞ்சா தன்னைப் பழுது பார்த்துக்கறதுக்கும் அது உதவி பண்ணும். அது குறைஞ்சதும் தசைக்குக் காது கொஞ்சம் மந்தமாயிடும். முன்னாடி கொஞ்சம் புரதம் வந்தாலே வேலையை ஆரம்பிக்கும். இப்போ ஒரு வேளைக்கு இருபத்தஞ்சு, முப்பது கிராம் வந்தாத்தான் திரும்பியே பார்க்கும். நீங்க சொல்ற பட்டியல்படி நாள் முழுக்கச் சேர்த்தே முப்பத்தஞ்சு கிராம்தான் சாப்பிட்டிருக்கீங்க. அதோட கலோரியையும் பாதியாக்கினா, உடம்பு கொழுப்பை மட்டுமா எடுக்கும்? தசையையும் உடைச்சு எரிச்சிடும்."

நான் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் ஆறு வாரத்திலேயே இது தாளில் தெரிந்திருக்குமா? அவள் இரண்டாம் தாளின் மேல் விரலை வைத்தாள். தசைக்கு நேராக, கீழே பார்த்த அம்புக்குறி ஒன்று சிவப்பாக அச்சாகியிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டி மறைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தராசின் அறை கேன்டீனுக்குப் பின்னால். மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த முட்டை, மீன், ரொட்டி, ஆப்பிள் எல்லாம் அளவு காட்டுவதற்காக அடுக்கியிருக்கும். நான் உள்ளே போனபோது யாரோ ஒரு இளம் பெண்ணுக்கு அதே ஆயிரம் கலோரித் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போகும்வரை நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அந்த முழுத் தாள்களைப் பிளாஸ்டிக் மீனின் மேல் போட்டேன்.

அவள் பார்த்த உடனே புரிந்துகொண்டாள். பொய் சொல்ல முயலவில்லை என்பதை மட்டும் அவள் பக்கம் எழுதிவைக்கலாம்.

"முதல் தடவை தண்ணிதான் குறைஞ்சிருக்குன்னு நினைச்சேன் அண்ணி," என்றாள். "ரெண்டாவது தடவை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பட்டியல் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல முப்பது வயசுக்காரங்களுக்குப் போட்டது. அதையே உங்களுக்கும் குடுத்துட்டேன். அதுக்குள்ள படம் மாட்டிட்டாங்க. நிர்வாகக் கூட்டத்துல உங்க எடையைக் காட்டித்தான் பேசினேன். அப்புறம் எந்த முகத்தோட தப்புன்னு சொல்றது?"

"என் கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அண்ணன் கிட்ட கேட்டேன்." அவள் அழத் தொடங்கியிருந்தாள். "இப்பத்தான் அவ சந்தோஷமா இருக்கா, எதையாவது சொல்லிக் கலக்காதேன்னாரு."

காலில் பலம் இல்லை என்று சோதனை சொன்னபோதுகூட நான் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்தேன். என் உடம்பைப் பற்றி அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நான் கரைந்துகொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டதை என் கணவர் சிரித்தபடி ரசித்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்தால் சொல்வதற்கு ஆள் உண்டு. வேலியும் காவல்காரனும் சேர்ந்து மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவளை அடிக்கத் தோன்றியது. ஆனால் எனக்குப் பதிவேட்டு அறைக்குப் போக விருப்பம் இல்லை. இந்த ஊரில் வேறு டயட்டீஷியனைத் தேடி அலைய நேரமும் இல்லை. விஷம் வைத்த கையாலேயே மருந்து வாங்க வேண்டிய நிலைமை.

"உன் அழுகையை அப்புறம் வச்சுக்கோ," என்றேன். "இப்போ ஒழுங்கா கணக்குப் போடு. என் வயசுக்கு, என் வேலைக்கு. தாளை வெட்டாதே."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. தொழில் தெரிந்தவள்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல். கலோரியை ஆயிரத்து எழுநூறுக்கு ஏற்றினாள். முப்பது வயதில் தேவைப்பட்டதைவிட இது கொஞ்சம் குறைவு, ஆனால் பட்டினி இல்லை என்றாள். எடையைக் குறைப்பது இப்போதைக்கு வேண்டாம். பிறகு வேண்டுமானால் ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறுக்கு மேல் குறைக்கக் கூடாது. புரதம் எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒன்றே கால் கிராம், ஆக எழுபத்தைந்து. அதை இரவில் மொத்தமாகக் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பங்கு போட்டாள். காலையில் மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலும். மதியம் உள்ளங்கை அளவு மீனோ கோழியோ, கூடவே ஒரு கிண்ணம் தயிர். இரவு ஒரு பெரிய கிண்ணம் வெந்த பருப்பு, அதோடு ஒரு முட்டை. நடுவில் ஒரு பிடி கடலை. சோறு வேண்டாம் என்று எழுதவில்லை. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று இரத்தம் பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்று அடிக்கோடிட்டாள்.

"சாப்பாடு மட்டும் போதாது அண்ணி. வாரா வாரம் பாரத்தைக் கூட்டித் தூக்கலைன்னா இந்தப் புரதம் தசைக்குப் போகாது."

"தெரியும். அதைச் சொல்ல ஆள் இருக்கு. இப்போ போனாளே ஒரு பொண்ணு, அவளைக் கூப்பிட்டுத் தாளை மாத்திக் குடு. வாசல்ல இருக்கிற என் படத்தையும் கழட்டு."

அந்தப் பெண்ணை அன்றைக்கே கூப்பிட்டாள். படத்தைக் கழட்டப் பதினோரு நாள் ஆனது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். தட்டைப் பார்த்தபடியே, என் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்றார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றார். நான் நம்புகிறேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். நல்ல எண்ணத்தோடு என்னை ஏமாற்றியவரை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் உடம்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் முதலில் என் காதுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து காலை முட்டையை அவரே வேகவைத்து வைக்கிறார். சாப்பிடுகிறேன். பேச்சு குறைந்துவிட்டது.

இரத்தம் சரியாக வந்தது. பெண்கள் மருத்துவரையும் பார்த்தேன். ஹார்மோன் மாத்திரை என் வெக்கைக்கு உதவலாம், ஆனால் தசைக்கு அதை நம்பி உட்கார முடியாது என்றார். வாரத்துக்கு மூன்று நாள் டியூட்டிக்கு முன்னால் பிசியோ அறையில் நின்றேன். முதலில் வெறும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பிறகு இரண்டு கையிலும் இரண்டு கிலோ. பிறகு ஐந்து. தரையில் வைத்த மூட்டையை முதுகை வளைக்காமல் தூக்கி நிற்பது. இன்னும் இரண்டு தரம்தான் முடியும் என்கிற இடம் வரை பிசியோ போகச் சொல்வாள், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பாரம் கூட்டுவாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. எடைகூட ஒரு கிலோ ஏறியது. அந்த எண்ணைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததே, அதுதான் தராசு எனக்குள் விட்டுப்போன மிச்சம். ஏழாவது வாரத்தில் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறியதை மேலே போன பிறகுதான் கவனித்தேன்.

மூன்றாம் மாத முடிவில் மேட்ரன் சோதனைக்கு நாள் குறித்தார். பிடிமானம் இருபது. ஐந்து தரம் எழுந்து உட்காரப் பத்தரை விநாடி. கடைசியாக ஆள் மாற்றும் சோதனை. நோயாளியாகப் படுக்க ஊழியர் ஒருவர் வேண்டும். எழுபது கிலோவுக்குக் குறையாத ஆளாக இருக்க வேண்டும் என்று மேட்ரன் கேட்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தது தராசு.

"நானே வரேன்னு சொன்னேன் அண்ணி," என்றாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

கட்டிலில் படுத்துக்கொண்டாள். விதிப்படி ஒவ்வோர் அசைவையும் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுப்பி உட்காரவைத்து, இடுப்பில் பட்டை கட்டினேன். அவள் முகம் என் தோளுக்கு அருகில் வந்தது. மூன்று மாதமாக வெட்டுப்படாத முழுத் தாள்களை மட்டும் கதவிடுக்கு வழியாக நீட்டிக்கொண்டிருந்தவள், மேட்ரனுக்குக் கேட்காத குரலில், மன்னிச்சிட்டீங்களா என்று கேட்டாள்.

"பாதத்தைத் தரையில ஊனுங்க," என்றேன். "முன்னாடி சாயுங்க. என் தோளைப் பிடிக்காதீங்க, கட்டிலை அழுத்துங்க. மூணு எண்ணப் போறேன்."

அவள் உடம்பு விறைத்தது. எண்ணினேன். தொடை நின்றது, விரல்கள் நின்றன. எழுபத்திரண்டு கிலோ என் கையில் எழுந்து நின்றது. திருப்பி, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் நாற்காலியில் இறக்கினேன். மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், இன்றிலிருந்தே வார்டு என்றார்.

தராசு நாற்காலியிலிருந்து எழவில்லை. கண்ணீர் வழிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்கேயாவது பிசகிவிட்டதா என்று மேட்ரன் பதறிப்போய்க் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து வாடி, போடி, தின்னுடி என்பதைத் தவிர அவளிடம் நான் வேறு மாதிரி பேசியதில்லை. திட்டும்போதுகூட.

"அண்ணி என்னை 'ங்க' போட்டுப் பேசிட்டாங்க," என்றாள்.

மேட்ரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மெதுவா எழுந்திருங்க, தலை சுத்தும்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, நான் வார்டுக்குப் போனேன்.